அரைப் பக்கத்தில் ஓர் இறுதியாட்டம்

பள்ளி ஆண்டிதழில் இல்லங்களுக்கு இடையிலான காற்பந்து இறுதியாட்டத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். படத்துக்கு இடம் விட்டால் ஏறக்குறைய 150 சொற்கள்தான் மிஞ்சும். அதை எழுதும்படி ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தியைக் கேட்டுக்கொண்டேன். மோதியவை மஞ்சள் இல்லமும் நீல இல்லமும். அவள் பச்சை இல்லம், அரையிறுதியிலேயே வெளியேறிய அணி. வென்றவர்களிலோ தோற்றவர்களிலோ ஒருவர் எழுதினால் வார்த்தைகள் தானாகவே ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் அவளைத் தேர்ந்தேன்.

ஆட்டம் 1-1 என்று முடிந்து, பினால்டியில் நீலம் 3-2 என வென்றது. ஆட்டம் நடந்தது ஆண்டின் நடுவில், இதழ் வெளிவருவதோ ஆண்டு இறுதியில். அதற்குள் முடிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம் ஆகிவிடும். நாளிதழ்ச் செய்தி தெரியாதவர்களுக்கு முடிவைச் சொல்கிறது. இந்த அரைப் பக்கத்தைப் படிக்கப்போகிறவர்கள் அன்று திடலில் இருந்தவர்கள். அவர்கள் எதைத் தேடி இதைத் திறப்பார்கள் என்பதே சில நாட்களாக என் மனத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

அவளுடைய முதல் வரைவு வந்தது. "இல்லங்களுக்கு இடையிலான காற்பந்து இறுதியாட்டம் மிகச் சிறப்பாக நடைபெற்றது. இரு அணிகளும் விறுவிறுப்பாக விளையாடின. பார்வையாளர்கள் உற்சாகமாகக் கைதட்டினர்."

பிழையில்லாத தமிழ். ஆனால் போன ஆண்டு ஆட்டத்துக்கும் இதே மூன்று வாக்கியங்கள் பொருந்தும், அடுத்த ஆண்டு நடக்கப்போகும் ஆட்டத்துக்கும் பொருந்தும். அவளிடம் பென்சிலைக் கொடுத்து, வேறோர் ஆட்டத்துக்கும் பொருந்தக்கூடிய வாக்கியங்களை எல்லாம் அடித்துவிடச் சொன்னேன். அடித்து முடித்ததும் இரண்டு கோல்களும் பினால்டியும் மட்டும் தாளில் நின்றன.

"இவ்வளவுதான் சார் இருக்கு," என்றாள்.

"கோல் எப்படி விழுந்துச்சும்மா?"

"தண்ணியில பந்து நின்னுபோச்சு சார்."

அவள் எழுத வேண்டிய ஆட்டம் அந்த ஒரு வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

*

ஜெஞ்சாரோம் தட்டையான தாழ்நிலம். கோல லங்காட் வட்டாரத்தின் இந்தக் கரையோரப் பகுதியில் மழை பெய்தால் தண்ணீர் ஓடிப்போக ஒரு சரிவு கிடையாது, நின்று நின்றுதான் வடியும். எங்கள் திடலில் கால்வாய்ப் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு வலப்புறம் ஒரு பள்ளம் இருக்கிறது. மதியம் மழை பெய்தால் மாலை ஐந்து மணிக்கும் அதில் கணுக்கால் நனையும். புல் வளர்ந்து மேலே மூடிக்கொள்வதால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் திடல் முழுவதும் ஒரே பச்சையாகத்தான் தெரியும்.

இறுதியாட்டத்தன்று மதியம் மழை பெய்தது. அணிக்கு 7 பேர், பாதிக்கு 15 நிமிடம். முதல் பாதியில் கால்வாய்ப் பக்கத்துக் கோலை நீலம் காத்தது. 6-ஆவது நிமிடத்தில் நீலத்தின் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் பந்தைத் தன் கோல் காவலருக்குத் திருப்பி உருட்டினார். உலர்ந்த நிலமாக இருந்தால் பந்து நேராகப் போய்ச் சேர்ந்திருக்கும். பள்ளத்தில் விழுந்து, தண்ணீரைத் தெறிக்கவிட்டு, அங்கேயே நின்றுவிட்டது. மஞ்சளின் 9-ஆம் எண் ஓடிவந்து அதைத் தட்டிக் கோலுக்குள் விட்டார். (இந்தக் குறிப்பேட்டில் எண்களையே எழுதுகிறேன். பெயர்கள் இதழில் வரும்.)

இடைவேளைக்குப் பின் பக்கம் மாறியது. பள்ளம் இப்போது மஞ்சளின் கோலுக்கு முன்னால். அது என்ன செய்யும் என்று மஞ்சள் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும், அதனால் பலன் அடைந்தவர்களே அவர்கள்தானே. எனவே அந்தப் பக்கம் பந்து வந்தபோதெல்லாம் உருட்டவோ கடத்தவோ முயலாமல் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓங்கி உதைத்தார்கள். புத்திசாலித்தனமான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு முறை வெளியே போகும்போதும் நீலத்துக்கு ஒரு த்ரோ கிடைத்தது, அதுவும் கோலுக்கு மிக அருகில். 28-ஆவது நிமிடத்தில் நீலத்தின் 4-ஆம் எண் எறிந்த பந்து தற்காப்பு வரிசையின் தலைக்கு மேலே போய் 7-ஆம் எண்ணின் காலடியில் விழுந்தது. ஒரே உதை. 1-1.

ஒரு கோலைக் கொடுத்த பள்ளம் மறு கோலையும் கொடுத்துவிட்டது. இரண்டாவது முறை பந்து அதைத் தொடவே இல்லை. அதன் மேல் இருந்த பயம் மஞ்சளை அப்படி விளையாட வைத்தது. கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று பார்த்த அவளுக்கு இது முழுவதும் தெரிந்திருந்தது. கட்டுரையில் எழுதக்கூடிய செய்தி என்று மட்டும் அவள் நினைக்கவில்லை. 'சிறப்பாக நடைபெற்றது' என்பதுதான் எழுத்து, தண்ணீரில் பந்து நின்றது வெறும் பேச்சு என்று பிள்ளைகள் எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வருகிறார்கள். நாங்கள்தான் கற்றுக்கொடுக்கிறோம் என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

*

இரண்டாவது கோலில் இன்னொரு சிக்கல் இருந்தது. பந்து உள்ளே போனதும் மஞ்சள் பக்கத்துப் பெற்றோர் பலர் "ஆஃப்சைட்! ஆஃப்சைட்!" என்று எழுந்து நின்றார்கள். 7-ஆம் எண் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் தனியாகத்தான் நின்றார், எல்லாரும் பார்த்தோம். நடுவர் கோல் என்று கை காட்டினார். அவள் வரைவில் "நடுவரின் சர்ச்சைக்குரிய முடிவால்" என்று ஒரு தொடர் இருந்தது.

நடுவரிடம் கேட்டாயா என்றேன். இல்லை என்றாள். போய்க் கேட்டு வந்தாள். காற்பந்து விதிகளில் ஆஃப்சைட் 11-ஆவது விதி. த்ரோவிலிருந்து பந்தை நேரடியாகப் பெறும் ஆட்டக்காரர் எங்கே நின்றாலும் அந்த விதிப்படி ஆஃப்சைட் குற்றம் ஆகாது. கார்னரிலும், கோல் உதையிலும் இதே சலுகை உண்டு. 'நேரடியாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இடையில் இன்னொரு நீல ஆட்டக்காரர் அந்தப் பந்தைத் தொட்டுத் திருப்பியிருந்தால் ஆஃப்சைட் ஆகியிருக்கும். யாரும் தொடவில்லை. ஆகவே நடுவர் செய்தது முற்றிலும் சரி.

அந்தத் தொடர் போனது. அந்த இடத்தில் "த்ரோவிலிருந்து நேரடியாகப் பெற்ற பந்து என்பதால்" என்று எழுதினாள். அன்று கத்திய பெற்றோரில் ஒருவராவது ஆண்டு இறுதியில் இந்த வரியைப் படித்து நிம்மதியாவார் என்று நம்புகிறேன். கூட்டம் சொன்னதை எழுதுவதற்குமுன் விசில் வைத்திருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்பது, அறிக்கை எழுதுபவர் அந்த மனிதருக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

நிமிடத்தையும் அவரிடமே சரிபார்த்தாள். அவள் கைக்கடிகாரத்தில் 27 நிமிடம் சொச்சம் என்று குறித்திருந்தாள், நடுவர் ஏட்டில் 28 என்று இருந்தது. இரண்டும் ஒன்றேதான். 27 நிமிடம் முடிந்து சில நொடிகள் ஓடியிருந்தால் நடப்பது 28-ஆவது நிமிடம். காற்பந்தில் அப்படித்தான் எண்ணுவார்கள்.

*

கோல் அடித்தவர் 7-ஆம் எண். வரைவில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. எறிந்த 4-ஆம் எண் இல்லை.

1980 ஏப்ரல் 6 அன்று கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் மலேசியா தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. வெற்றிக் கோலை அடித்தவர் ஜேம்ஸ் வோங். ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிப் பேசும் பெரியவர்கள் யாரும் ஜேம்ஸ் வோங் பெயரைத் தனியாகச் சொல்வதில்லை. பந்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ஹசான் சானியின் பெயர் முதலில் வரும், பிறகுதான் அவர் பெயர் வரும். சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அணி மாஸ்கோவுக்குப் போகவே இல்லை. போகாத ஒலிம்பிக்குக்குத் தகுதி வாங்கித் தந்த கோல், இரண்டு பெயர்களோடு இன்னும் நினைவில் இருக்கிறது. அன்று ஹசான் சானியைச் சொல்லாமல் விட்டிருந்தால் பந்து எப்படி அங்கே வந்தது என்பது அடுத்த தலைமுறைக்குத் தெரிந்திருக்காது.

எங்கள் 4-ஆம் எண் பையன் அந்தப் பாதியில் எறிந்த த்ரோக்களில் எத்தனையோ வீணாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் அவனேதான் ஓடிப்போய்ப் பந்தை எடுத்துவந்தான். இரண்டு காலும் தரையில் பதிந்திருக்க, இரு கையாலும், தலைக்குப் பின்னிருந்து கொண்டுவந்து எறிய வேண்டும். பன்னிரண்டு வயதுப் பையன் ஒரு கால் தூக்கிவிட்டால் போதும், த்ரோ எதிரணிக்குப் போய்விடும். அவன் ஒருமுறைகூடத் தவறவில்லை. கோலை எழுதும் வாக்கியம் அவன் பெயரில்தான் தொடங்க வேண்டும் என்று அவளிடம் சொன்னேன். அவளுக்கும் அது பிடித்திருந்தது.

*

பினால்டிப் பகுதிதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

வானம் மீண்டும் இடித்ததால் கூடுதல் நேரம் இல்லாமல் நேராகப் பினால்டிக்குப் போனார்கள். எந்தக் கோலில் உதைப்பது என்று வழக்கமாக நாணயம் சுண்டித்தான் முடிவு செய்வார்கள். நிலம் சரியில்லை என்றால் நடுவரே தீர்மானிக்கலாம் என்று விதியில் இடம் உண்டு. எங்கள் நடுவர் சாலைப் பக்கத்து உலர்ந்த கோலைக் காட்டினார். பள்ளத்தின் கதை அதோடு முடிந்தது, இனி பிள்ளைகள் மட்டும்தான்.

பன்னாட்டு விதியில் அணிக்கு ஐந்து உதை, எங்கள் போட்டியில் மூன்று. நீலம் முதலில் உதைத்தது. கோல். மஞ்சளும் கோல். நீலத்தின் இரண்டாவது உதையை மஞ்சள் கோல் காவலர் தடுத்தார். மஞ்சளின் இரண்டாவது உதை கோல். நீலத்தின் மூன்றாவது உதை கோல். இப்போது 2-2. மஞ்சளுக்கு இன்னும் ஓர் உதை மீதி. அது உள்ளே போயிருந்தால் கிண்ணம் மஞ்சளுக்கு. பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனது. நான்காவது சுற்றில் நீலம் அடித்தது, மஞ்சளின் உதையை நீலக் கோல் காவலர் இடப்பக்கம் பாய்ந்து தடுத்தார். முடிந்தது.

வரைவில் "நான்காவதாக உதைத்த (பெயர்) தவறவிட்டதால் மஞ்சள் இல்லம் கிண்ணத்தை இழந்தது" என்று இருந்தது. கணக்குப்படி பார்த்தால்கூட அது சரியில்லை. வெற்றி தொங்கிய உதை மூன்றாவது, நான்காவது அல்ல. அதற்குமுன் 28-ஆவது நிமிடம் இருக்கிறது. அதற்கும் முன் எல்லைக்கோட்டுக்கு வெளியே போன எத்தனையோ உதைகள் இருக்கின்றன. "ஆல்" என்ற ஓர் உருபைப் போட்டு ஒரு தோல்வி முழுவதையும் ஒரு பிள்ளையின் தோளில் ஏற்றிவிட முடிகிறது.

1950 ஜூலை 16 அன்று ரியோவின் மரக்கானா அரங்கில் உலகக் கிண்ணத்தின் கடைசி ஆட்டத்தில் பிரேசில் உருகுவேயிடம் 1-2 என்று தோற்றது. சமன் செய்திருந்தாலே பிரேசிலுக்குக் கிண்ணம் கிடைத்திருக்கும். 79-ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா அடித்த பந்து கம்பத்துக்கும் கோல் காவலர் பார்போசாவுக்கும் இடையில் புகுந்துவிட்டது. பதினொரு பேர் விளையாடிய ஆட்டத்தின் தோல்வி அந்த ஒருவர் பெயரில் எழுதப்பட்டது. 2000-இல் அவர் இறக்கும்வரை, அரை நூற்றாண்டு, அந்தப் பழி அவரை விட்டுப் போகவே இல்லை. அவர் பெரியவர், தொழில்முறை ஆட்டக்காரர். எங்கள் பிள்ளைகளுக்கு வயது பன்னிரண்டு. இந்த இதழைப் பெற்றோர் கண்ணாடி அலமாரியில் எடுத்து வைப்பார்கள்.

அவளிடம் இதைச் சொல்வதற்கு முன்பே அவள் கேட்டாள்: "சார், மூணாவது அடிச்சவன் பேரைப் போட்டா அவன் அழுவான் சார். போடாம விடலாமா?"

விடலாம். ஆனால் அது அவ்வளவு எளிதில்லை. பினால்டியில் கோல் அடித்த ஐந்து பேரின் பெயரையும் போட்டுவிட்டு அடிக்காதவர்களை மட்டும் விட்டால், விடுபட்ட பெயரைக் கண்டுபிடிக்க யாருக்கும் அரை நிமிடம் போதும். அந்த வெற்றிடம் பெயரைவிடப் பெரிதாகத் தெரியும். பொய் எழுதவும் முடியாது. கம்பத்துக்கு மேலே போன பந்தைக் கோல் காவலர் தடுத்தார் என்று கருணைக்காக எழுதினால், பார்த்த பிள்ளைகள் மற்ற வரிகளையும் நம்பமாட்டார்கள்.

கடைசியில் நாங்கள் கண்ட வழி, பினால்டியை உதைத்தவர்கள் வழியாகச் சொல்லாமல் கோல் காவலர்கள் வழியாகச் சொல்வது. இதற்கு விதியிலேயே ஓர் ஆதரவு இருக்கிறது. பினால்டி தொடங்குமுன்பே ஆட்டம் முடிந்துவிட்டதாகத்தான் கணக்கு. ஆட்டத்தின் முடிவு 1-1 என்றே பதிவாகும். பினால்டியில் போட்ட கோல்கள் யாருடைய கோல் கணக்கிலும் சேராது. ஆகவே அங்கே உதைத்தவர்களின் பட்டியல் இல்லாதது ஒரு குறையே அல்ல. இரண்டு கோல் காவலர்களும் ஆளுக்கு ஓர் உதையைத் தடுத்தார்கள். இரண்டு பெயரும் வரட்டும்.

கோல் காவலரை விட்ட கோலை வைத்தே நினைவில் வைத்திருக்கும் வழக்கத்துக்கு இது ஒரு சிறிய மாற்றாகவும் இருக்கும். 1980 மெர்டேக்கா அணியின் கோல் காவலர் ஆர். ஆறுமுகம், சிலாங்கூர்க்காரர்கள் 'ஸ்பைடர்மேன்' என்று கொண்டாடியவர், 1988-இல் சாலை விபத்தில் இறந்துவிட்டார். நீண்ட கைகளை விரித்து அவர் பாய்ந்ததை என் வயதுக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரியாது. 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தின் கோல் காவலர் முத்துவைத்தான் தெரியும்.

திருப்பி உருட்டியபோது பந்து நின்றுவிட்ட நீலத் தற்காப்பு ஆட்டக்காரர் பெயரையும் எடுத்துவிட்டோம். அங்கே நடந்ததை அவர் பெயர் இல்லாமலே முழு உண்மையாகச் சொல்ல முடிகிறது. பந்தை நிறுத்தியது தண்ணீர்.

*

பெயர்ப் பட்டியலுக்கு ஒரு மதியம் போனது. வகுப்புப் பதிவேட்டில் பெயர்கள் ரூமியில் இருக்கின்றன. ரூமியில் ஒரே எழுத்தாக நிற்பது தமிழில் ல, ள, ழ என மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஷகரமா சகரமா, குறிலா நெடிலா என்பதும் அதில் தெரியாது. ஒரே இல்லத்தில் ஒரே பெயரில் இருவர் இருந்தார்கள், தந்தை பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்தால்தான் பிரிக்க முடிந்தது. அவள் தாளை எடுத்துக்கொண்டு இரண்டு அணிப் பிள்ளைகளிடமும் போய், அவரவர் பெயரை அவரவர் கையால் தமிழில் எழுதி வாங்கி வந்தாள். மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்து களம் இறங்காமலே போன பிள்ளைகளும் எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பையன் "நானுமா?" என்று கேட்டானாம்.

படத்திலும் ஒரு மாற்றம் செய்தோம். கிண்ணத்தோடு நீல அணி நிற்கும் படம் தயாராக இருந்தது. அதற்குப் பதிலாக, ஆட்டம் தொடங்குமுன் இரு அணிகளும் ஒரே வரிசையில் நின்ற படத்தைப் போடுகிறோம். கிண்ணம் அதில் இல்லை. ஆனால் எல்லா முகங்களும் இருக்கின்றன.

*

அச்சுக்குப் போகும் வடிவம் இது. எண்கள் உள்ள இடத்தில் இதழில் பெயர்கள் இருக்கும்.

"இல்லங்களுக்கு இடையிலான காற்பந்து இறுதியாட்டத்தில் மஞ்சள் இல்லமும் நீல இல்லமும் 1-1 எனச் சமன் கண்டன. பின்னர் பினால்டியில் நீல இல்லம் 3-2 என வென்றது. மதியம் பெய்த மழையில் கால்வாய்ப் பக்கத்துக் கோலின் முன்னால் தண்ணீர் தேங்கியிருந்தது. 6-ஆவது நிமிடத்தில் அந்தத் தண்ணீரில் பந்து நின்றுவிட, மஞ்சளின் 9 ஓடிவந்து கோல் போட்டார். இரண்டாம் பாதியில் அதே இடத்தைக் காக்க வேண்டியிருந்த மஞ்சள் அணி, பந்து தண்ணீரில் நிற்காமலிருக்க அதை வெளியே உதைத்தபடி இருந்தது. அதனால் நீலத்துக்குப் பல த்ரோக்கள் கிடைத்தன. 28-ஆவது நிமிடத்தில் நீலத்தின் 4 நீளமாக எறிந்த பந்தை 7 கோலாக்கினார். த்ரோவிலிருந்து நேரடியாகப் பெற்ற பந்து என்பதால் அது ஆஃப்சைட் இல்லை என்று நடுவர் விளக்கினார். பினால்டி உலர்ந்த கோலில் நடந்தது. மஞ்சள் கோல் காவலர் 1 இரண்டாவது உதையைத் தடுத்துத் தம் அணிக்கு வாய்ப்புத் தந்தார். மூன்று சுற்று முடிந்தும் 2-2. நான்காவது சுற்றில் நீலக் கோல் காவலர் 1 இடப்பக்கம் பாய்ந்து தடுத்ததும் ஆட்டம் முடிந்தது. தண்ணீர் தேங்கும் இடத்தில் மண் கொட்டித் தரும்படி இரண்டு அணித் தலைவர்களும் தலைமையாசிரியரிடம் கேட்டிருக்கிறார்கள்."

கடைசி வாக்கியத்தை அவளே சேர்த்தாள். உண்மைதானா என்று அணித் தலைவர்கள் இருவரிடமும் விசாரித்தேன். ஆமாம், இருவரும் சேர்ந்துதான் போய்க் கேட்டார்களாம்.